ஹிஸ்டரி இல்லாத ஸ்டெப் பார்ட்டில் ஃபேஸ் நகர மறுக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

வாளையாருக்கு இந்தப் பக்கம் கே.ஜி.சாவடி, மதுக்கரை, அந்தப் பக்கம் கஞ்சிக்கோடு. இந்த வட்டாரத்தில் பம்ப், வால்வு, வார்ப்பு வேலை செய்கிறவர்களுக்கு வரும் மாடல்களில் நிறைய ஸ்டெப் ஃபைல்தான். வாடிக்கையாளர் தன் மூல மாடலைக் கொடுக்க மாட்டார், அது அவருடைய சொத்து. திறந்தால் ட்ரீயில் ஒற்றை வரியாக `Imported1` என்று நிற்கும். ஸ்கெட்ச் கிடையாது, டைமென்ஷன் கிடையாது, எந்த ஃபில்லட் முதலில் போட்டது எது பிறகு போட்டது என்ற வரலாறும் கிடையாது. ஆனால் டிராயிங்கில் "இதை மாற்றிக் கொடுங்கள்" என்று சிவப்பு மையில் இரண்டு குறிப்பு இருக்கும்.

இதற்கு ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். பம்ப்பின் பேரிங் ஹவுசிங், சாம்பல் வார்ப்பிரும்பு. கேட்கப்படும் மாற்றம் இரண்டு. முதலாவது, 6207 பேரிங்குக்குப் பதில் 6208 வர வேண்டும். அதாவது போர் 72 மி.மீ.-யிலிருந்து 80-க்கும், ஆழம் 17-லிருந்து 18-க்கும் போக வேண்டும். இரண்டாவது, மோட்டார் பெரிதாகிறது. அதனால் பாதத்தின் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரையுள்ள உயரம் 112-லிருந்து 132 ஆக வேண்டும்.

கட்டளைப் பெயர்களை சாலிட்வொர்க்ஸ் படி கொடுக்கிறேன். ஃபியூஷன், ஆன்ஷேப், என்எக்ஸ் எதில் செய்தாலும் பெயர்தான் மாறும், உள்ளே நடப்பது ஒன்றே. அந்த உள் நடப்பு தெரிந்தால் கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் காரணம் தானாகப் புலப்படும். ஒரு ஃபேஸை நகர்த்தினால் மென்பொருள் அதைப் புது இடத்தில் வைத்துவிட்டு, அதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு பக்கத்து ஃபேஸையும் நீட்டியோ வெட்டியோ அதனுடன் மறுபடி சந்திக்க வைக்கிறது. அழித்தால், மிஞ்சிய பக்கத்து ஃபேஸ்களை நீட்டி, அவை ஒன்றையொன்று சந்தித்து ஓட்டையை மூடுமா என்று பார்க்கிறது. சந்தித்தால் வேலை முடிந்தது. சந்திக்காவிட்டால் பிழைச் செய்தி. ஆகவே ஒரு கட்டளை மறுத்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபேஸை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை. அதன் பக்கத்தில் இருப்பவை எவை, அவற்றில் எது சந்திக்க முடியாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: Move Face, Delete Face எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை, வெட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் கூடு

ஃபைல் சாலிடாக வரவில்லை, சர்ஃபேஸாக வந்திருக்கிறது. ட்ரீயில் `Solid Bodies` இல்லாமல் `Surface Bodies` இருந்தால் அதுதான். அனுப்பியவரிடமே அப்படி இருந்ததா, இறக்கும்போது உடைந்ததா என்று தெரிய வேண்டும். ஸ்டெப் ஃபைல் வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து இந்த இரண்டில் எது இருக்கிறது என்று தேடலாம்.

```
MANIFOLD_SOLID_BREP
SHELL_BASED_SURFACE_MODEL
```

முதலாவது இருந்தால் அவர் சாலிடாகத்தான் அனுப்பியிருக்கிறார். நம் பக்கம் எங்கோ ஒரு விளிம்பு ஒட்டவில்லை. இரண்டாவது மட்டும் இருந்தால் அவரிடமே கேட்டு, சாலிடாக ஏற்றுமதி செய்து வாங்குவது நல்லது. ஒரு போன் பேச்சில் முடிகிற விஷயத்துக்குச் சர்ஃபேஸ்களை ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

நம் பக்கப் பழுது என்றால் `Tools > Evaluate > Import Diagnostics` திறந்து `Attempt to Heal All` கொடுங்கள். இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கட்டளை பார்ட்டில் வேறு எந்த ஃபீச்சரும் சேர்ப்பதற்கு முன்னால்தான் வேலை செய்யும். ஒரு துளை போட்டுவிட்டால்கூட அது கிடைக்காது. அதனால் திறந்த கையோடு முதல் வேலையாக இதை ஓட்டிவிடுங்கள். பட்டியே கிடைக்கவில்லை என்றால் 3D Interconnect வழியாக ஃபைல் இணைப்பில் நிற்கலாம். ட்ரீயில் வலது கிளிக் செய்து இணைப்பை முறித்துவிட்டுப் பாருங்கள், அல்லது இம்போர்ட் ஆப்ஷனில் அதை அணைத்துவிட்டு மறுபடி திறங்கள்.

இதே நேரத்தில் ஒரு அளவையும் சரிபாருங்கள். நம் ஹவுசிங்கில் போர் 72 என்று வர வேண்டும். 2.83 என்றோ 1828.8 என்றோ வந்தால் அங்குலக் குழப்பம். பார்ட்டை `Scale` செய்து சமாளிப்பதைவிட, இறக்கும்போதே அலகைச் சரிசெய்வதுதான் முறை.

அறிகுறி: பாதத்தை நகர்த்தினால் ஒரு திசையில் போகிறது, மறு திசையில் மறுக்கிறது, போன திசையிலும் ஃபில்லட் ஓரமாக ஒரு கோடு தெரிகிறது

மையம் 20 மி.மீ. உயர வேண்டும். மேலே உள்ள போர் பகுதியை ஏற்றலாம், அல்லது பாதத்தை 20 மி.மீ. இறக்கலாம். பாதத்தை இறக்குவதுதான் சுலபம். அதில் ஃபேஸ் குறைவு. பாதத்தின் அடி, மேல், நான்கு பக்கம், மூலை ரேடியஸ்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, `Insert > Face > Move` போய் `Translate` கொடுத்து 20 என்று போடுகிறோம். பாதத்துக்கும் மேலே உள்ள தூணுக்கும் நடுவில் சுற்றிலும் 8 மி.மீ. ஃபில்லட் இருக்கிறது. அதைத் தேர்வில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சேர்க்காவிட்டால், ஃபில்லட் பழைய இடத்திலேயே நிற்கும். பாதத்தின் மேல்தளம் 20 மி.மீ. கீழே போய்விட்டது. 8 மி.மீ. ரேடியஸ் வளைவு எவ்வளவு சுற்றினாலும் அந்தத் தளத்தை எட்டாது. மறுக்கும். சரி, சேர்த்துவிடுவோம் என்றால், ஃபில்லட்டும் பாதமும் சேர்ந்து இறங்கும், தூணின் சுவர் நீண்டு ஃபில்லட்டைச் சந்திக்கும். சுவர் நேர் செங்குத்தாக இருந்தால் இது மிகச் சுத்தமாக முடியும்.

ஆனால் இது வார்ப்பு. தூணுக்கு டிராஃப்ட் உண்டு. 1.5 டிகிரி, கீழே போகப் போக அகலமாகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மி.மீ. நீளும்போது சுவர் ஒவ்வொரு பக்கமும் 20 × tan 1.5°, அதாவது 0.52 மி.மீ. வெளியே வந்துவிடும். ஃபில்லட்டோ பழைய அகலத்தோடு நேராகக் கீழே இறங்கியிருக்கிறது. இப்போது சுவர் ஃபில்லட்டை அதன் தொடுகோட்டில் சந்திக்காது. அரை மில்லி உள்ளே புகுந்து, வளைவின் நடுவில் எங்கோ வெட்டும். சந்திப்பு கிடைத்துவிட்டதால் மென்பொருள் பிழை சொல்லாது. ஆனால் கணக்குப் போட்டால் அந்த இடத்தில் ஏறக்குறைய 20 டிகிரி முறிவு இருக்கும். திரையில் ஷேடிங்கில் ஒரு கூர்மையான கோடாகத் தெரிவது அதுதான். பேட்டர்ன் செய்கிறவர் முதலில் அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார், "இது என்னங்க தம்பி, இங்க ஒரு தட்டு நிக்குது?" என்று.

எதிர்த் திசையில், அதாவது மையத்தைக் குறைக்கப் பாதத்தை மேலே ஏற்றினால், சுவர் ஃபில்லட்டைவிட்டு உள்பக்கமாக விலகி நிற்கும். நடுவில் இடைவெளி, சந்திப்பே இல்லை. அதனால் மறுக்கும். ஒரே கட்டளை, ஒரே தேர்வு, திசை மட்டும் மாறினால் ஒன்று போவதும் ஒன்று போகாததும் இதனால்தான்.

தீர்வு ஒன்றுதான், அதை வழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஃபில்லட்டை அழியுங்கள், பிறகு நகர்த்துங்கள், கடைசியில் ஃபில்லட்டை மறுபடி போடுங்கள். `Insert > Face > Delete` போய் `Delete and Patch` தேர்வு செய்து, 8 மி.மீ. ஃபில்லட்டின் ஃபேஸ்கள் அனைத்தையும் கொடுங்கள். சுவரும் பாதத் தளமும் நீண்டு கூர் மூலையில் சந்திக்கும். பிறகு 20 மி.மீ. நகர்த்தினால் தளம் டிராஃப்ட் சுவரை எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே சரியாக வெட்டும். அப்புறம் 8 மி.மீ. `Fillet` கொடுத்தால் அது உங்கள் சொந்த ஃபீச்சர். நாளைக்கு 10 ஆக வேண்டும் என்றால் எண்ணை மாற்றினால் போதும்.

ஃபில்லட் ஃபேஸ்களைத் தேர்ந்தெடுக்க `Select Tangency` பயன்படுத்த வேண்டாம். ஃபில்லட் தன் இரு பக்கத்துத் தளங்களுக்கும் தொடுவாகத்தான் இருக்கிறது. அது வழியாகச் சுவர், தளம், அடுத்த ஃபில்லட் என்று பார்ட் பாதி உள்ளே வந்துவிடும். கையால் ஒவ்வொன்றாக எடுங்கள். மூன்று ஃபில்லட் கூடும் மூலையில் ஒரு சின்ன முக்கோணத் துண்டு இருக்கும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் "எல்லாம் எடுத்தாச்சு, ஆனாலும் அழியமாட்டேங்குது" என்பார்கள். பெரிய ஃபில்லட் மேல் சின்ன ஃபில்லட் ஏறியிருந்தால் சின்னதை முதலில் அழியுங்கள்; பெரும்பாலும் அதுதான் கடைசியில் போட்டது.

பாதத்தில் நான்கு போல்ட் துளை இருக்கிறது அல்லவா? செங்குத்துத் துளையின் உருளையைத் தேர்வில் சேர்க்காமல் விட்டாலும் பாதகமில்லை. நகர்த்தும் திசையும் உருளையின் அச்சும் ஒன்று, உருளை தானே நீண்டுகொள்ளும். ஆனால் போல்ட் தலைக்காக ஸ்பாட்ஃபேஸ் போட்டிருந்தால் அதன் அடித்தட்டு கண்டிப்பாகத் தேர்வில் இருக்க வேண்டும். அதை மறந்தால் பாதம் 20 மி.மீ. கீழே போய்விடும், தட்டு பழைய உயரத்தில் காற்றில் நிற்கும். கட்டளை மறுப்பது இங்கே நல்லது. மறுக்காமல் ஏதாவது விசித்திரமாக மூடிக்கொண்டால்தான் ஆபத்து.

டிராஃப்ட் பற்றி இன்னொன்று. சுவர் ஒரு பக்கம் 0.52 என்றால் இரு பக்கமும் சேர்ந்து தூணின் அடி ஒரு மில்லிக்கு மேல் அகலமாகிவிட்டது. பாதத்தின் போல்ட் தலைக்கும் தூணுக்கும் நடுவில் ஸ்பேனர் போக இடம் குறைவாக இருந்தால் அதை இப்போதே அளந்து பாருங்கள். டிராயிங்கில் யாரும் இந்த மாற்றத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் அது வந்துவிட்டது.

அறிகுறி: போர் 80 ஆகிவிட்டது, பிழை எதுவும் இல்லை, ஆனால் உள்மூலை ஃபில்லட்டைக் காணோம்

பிழைச் செய்தி வந்தால் கூடப் பரவாயில்லை, நின்று பார்ப்போம். இது பிழையே சொல்லாமல் பார்ட்டைக் கெடுப்பது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

போரின் உள்ளே பேரிங் உட்காரும் ஷோல்டர் இருக்கிறது. போர் சுவரும் ஷோல்டரும் சந்திக்கும் மூலையில் 1 மி.மீ. ஃபில்லட். போரின் ஆரம் 36; அதை 40 ஆக்க `Move Face`-இல் `Offset` 4 மி.மீ. கொடுக்க வேண்டும். போர் ஃபேஸோடு ஃபில்லட்டையும் சேர்த்து எடுத்தால் சரியாக வரும் என்று தோன்றும். ஆஃப்செட் என்பது நகர்த்துவது இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தன் ஃபேஸுக்குச் செங்குத்தாக 4 மி.மீ. போகும். அதனால் வளைந்த ஃபேஸின் ஆரமே மாறும்.

இது உள்மூலை. ஃபில்லட் வளைவின் மையம் காற்றில், போரின் உள்ளே இருக்கிறது: ஷாஃப்ட் மையத்திலிருந்து 35 மி.மீ. தள்ளி, ஷோல்டரிலிருந்து 1 மி.மீ. முன்னால். இரும்புக்குள் 4 மி.மீ. ஆஃப்செட் செய்தால் அந்த மையம் அசையாது, 1 மி.மீ. ஆரம் 5 மி.மீ. ஆகிவிடும். ஷோல்டர் தளமோ பழைய இடத்தில் நிற்கிறது. ஆகவே அந்த 5 மி.மீ. வளைவை ஷோல்டர் பாதியில் வெட்டிவிடும். எங்கே வெட்டும் என்று பார்த்தால், ஷாஃப்ட் மையத்திலிருந்து 35 + √24, அதாவது 39.9 மி.மீ.-யில். போர் சுவர் 40-இல் இருக்கிறது. மிஞ்சுவது 1 மி.மீ. உயரமும் 0.1 மி.மீ. சாய்வும் உள்ள மெல்லிய ஒரு பட்டை. கண்ணுக்குக் கூர் மூலை போலத் தெரியும். ஃபில்லட் போயே போய்விட்டது. கேம் வேலை செய்கிறவருக்கு அந்தப் பட்டை தனி ஃபேஸாக வந்து, டூல்பாத்தில் தொல்லை கொடுக்கும்.

ஷோல்டரையும் சேர்த்து ஆஃப்செட் செய்தால் அதுவும் 4 மி.மீ. ஆழம் போகும், நமக்கு வேண்டியது 1 மி.மீ. மட்டுமே. கூடவே மூலை ஃபில்லட் முழு 5 மி.மீ. ஆகி நிற்கும். 6208-இன் வெளி வளையத்தில் மூலை ஆரம் குறைந்தபட்சம் 1.1 மி.மீ.; ஆகவே ஹவுசிங் ஃபில்லட் 1-ஐத் தாண்டக் கூடாது. 5 மி.மீ. ஃபில்லட்டில் பேரிங் ஷோல்டரைத் தொடாமலே மூலையில் ஏறி நின்றுவிடும்.

இதுவே வெளிமூலை ரேடியஸாக இருந்தால் நேர் எதிர். அங்கே வளைவின் மையம் இரும்புக்குள் இருக்கும். இரும்பைக் குறைக்கும் பக்கம் ஆஃப்செட் செய்தால் ஆரம் சுருங்கும்; 3 மி.மீ. ரேடியஸை 4 மி.மீ. உள்ளே தள்ளச் சொன்னால் மிச்சம் ஒன்றும் இல்லை, கட்டளை மறுத்துவிடும். சிலர் இங்கே 2.9 வரை போகிறது, 3-க்கு மேல் போகவில்லை என்று எண்ணை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். எண்ணை மாற்றுவதால் பயன் இல்லை. அப்படி ஒரு எல்லையில் நின்றுவிட்டால், பக்கத்தில் அதே அளவு ரேடியஸ் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், கிடைத்துவிடும்.

போருக்கு இந்த வரிசையில் போங்கள். முதலில் உள்மூலை ஃபில்லட்டை `Delete and Patch` செய்து கூர் மூலையாக்குங்கள். போர் உருளையை 4 மி.மீ. `Offset`. ஷோல்டரை 1 மி.மீ. தனியாக `Translate`. பிறகு 1 மி.மீ. `Fillet`. போர் இரண்டு அரை உருளையாகப் பிரிந்து வந்திருக்கலாம். ஸ்டெப் எழுதும் மென்பொருள்கள் பல உருளையை இரண்டாக வெட்டியே அனுப்பும். ஒரு பாதியை மட்டும் எடுத்தால் மறு பாதி 36-இல் நிற்கும், இரண்டும் சந்திக்காது. சுற்றிப் பார்த்து இரண்டு பாதியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஹவுசிங்கின் முகத்தில் மூடிக்கான எம்6 டேப் துளைகள் இருக்கின்றன, 88 மி.மீ. பி.சி.டி.-யில், டிரில் 5 மி.மீ. துளையின் உள் ஓரம் ஷாஃப்ட் மையத்திலிருந்து 41.5-இல் வருகிறது. போர் 40-க்கு வந்துவிட்டது. நடுவில் 1.5 மி.மீ. சுவர். மென்பொருளுக்கு அது சரியான சாலிட்தான், ஒரு வார்த்தை சொல்லாது. டேப் போடும்போது வார்ப்பிரும்பு அங்கே உடைந்துவிடும். வெளி விட்டம் 110 என்பதால் துளைகளை 94 பி.சி.டி.-க்குக் கொண்டுபோகலாம், போர் பக்கம் 4.5, வெளிப்பக்கம் 5.5 மி.மீ. மிஞ்சும். மூடியும் மாற வேண்டும் என்பதால் வாடிக்கையாளரைக் கேட்டுவிட்டுத்தான். துளைகளை ஒவ்வொன்றாக ஆரத் திசையில் நகர்த்துவதைவிட, அழித்துவிட்டு `Hole Wizard` கொண்டு புதிதாகப் போடுவது மேல். அடுத்த முறை மாற்றக் கையில் ஒரு ஸ்கெட்ச் இருக்கும்.

அறிகுறி: துளையோ எழுத்தோ அழிய மறுக்கிறது

துளை என்பது ஒரு ஃபேஸ் இல்லை. மேல் சேம்ஃபர், உருளை, அடிக் கூம்பு எல்லாம் சேர்ந்ததுதான் துளை. ஒன்று விட்டுப்போனாலும் அந்தத் துண்டு நீண்டு எதையும் சந்திக்க முடியாது. உருளை பாதியாகப் பிரிந்திருந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். தேர்வுப் பெட்டியில் எத்தனை ஃபேஸ் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய வார்ப்பில் பெயர் எழுத்துகள் புடைத்து நிற்கும். அதை எடுக்கச் சொன்னால் எழுத்துகளின் மேல்தளம், பக்கச் சுவர்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் மறுக்கும். சுழியுள்ள எழுத்தைப் பாருங்கள். சுழியின் உள்ளே வெளிச் சுவரின் ஒரு சிறு வட்டம் தனித் தீவாக நிற்கும். அது வெளிச் சுவருடன் ஒரே தளம். ஒரே தளத்தில் கிடக்கும் இரண்டு ஃபேஸ் எவ்வளவு நீண்டாலும் ஒரு கோட்டில் வெட்டிக்கொள்ளாது. அந்தத் தீவையும் அழிக்கும் தேர்வில் சேர்த்துவிடுங்கள், வெளிச் சுவரே பரவி மூடிவிடும். கஞ்சிக்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும் வார்ப்பில் மலையாள எழுத்தில் பெயர் இருந்தால் சுழிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள்.

அறிகுறி: உருளை போலத் தெரிகிறது, ஆனால் அளந்தால் விட்டம் காட்டவில்லை

அது உருளை இல்லை, உருளை மாதிரி வளைந்த பி-ஸ்ப்ளைன் சர்ஃபேஸ். மறுபடி நோட்பேடில் திறந்து தேடலாம்.

```
CYLINDRICAL_SURFACE('',#88,36.)
B_SPLINE_SURFACE
```

முதல் வகை இருந்தால் மென்பொருளுக்கு ஆரம் 36 என்று எண்ணாகவே தெரியும். அச்சு வழியே எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டும். இரண்டாவது வகைக்குக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் மட்டுமே தெரியும். சர்ஃபேஸ் எங்கே முடிகிறதோ அதற்கு மேல் ஊகித்துத்தான் நீட்ட வேண்டும்; சிறிது தூரம் போகும், அப்புறம் நெளியும் அல்லது நின்றுவிடும். ஃபைல் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று கைமாறி வந்திருந்தால் இப்படி ஆவதுண்டு.

இப்படிப்பட்ட போரை ஆஃப்செட் செய்ய முயல வேண்டாம். ஒரு வெட்டுத்தளத்தில் விளிம்பை ஸ்கெட்சுக்கு எடுத்து, மூன்று புள்ளி வழியாக வட்டம் போட்டு மையத்தையும் ஆரத்தையும் கண்டுபிடியுங்கள். 36.0004 என்று வந்தால் அது 36தான். பிறகு அந்த மையத்தில் 80 மி.மீ. விட்டத்தில் ஒரு `Extruded Cut`, 18 மி.மீ. ஆழம். பழைய ஃபேஸ் முழுவதும் வெட்டுக்குள் போய்விடும், புதிதாக வருவது சுத்தமான உருளை. போரைப் பெரிதாக்கும்போது இது எப்போதும் கைகொடுக்கும் வழி. உண்மையில், 6208 வேலையையே இப்படித்தான் செய்வேன் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆஃப்செட் தவிர்க்க முடியாதது போரைச் சிறிதாக்கும்போதும், டிராஃப்ட் உள்ள வெளிச் சுவரைத் தடிப்பாக்கும்போதும்தான்.

தூணும் போரின் வெளி உருளையும் கூடும் இடத்து ஃபில்லட்கள் பி-ஸ்ப்ளைனாக வந்து, அழியவும் மறுத்து, நகரவும் மறுத்தால், அந்தப் பகுதியை ஒரு தளத்தால் வெட்டி எறிந்துவிட்டு, எக்ஸ்ட்ரூடும் டிராஃப்டும் ஃபில்லட்டும் போட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அந்த ஒரு மூலைக்காக அரை நாள் சர்ஃபேஸ் தைப்பதைவிட அது வேகமாக முடியும், பேட்டர்னும் சுத்தமாக வரும்.

எல்லாம் முடிந்தது போலத் தெரியும்போது

`Tools > Evaluate > Check` ஓட்டி, தவறான ஃபேஸ், மிகச் சிறிய விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே சொன்ன 0.1 மி.மீ. சாய்வுப் பட்டை சில சமயம் இங்கேயும் தப்பிவிடும். அதனால் போரின் அச்சு வழியாக `Section View` எடுத்து, ஃபில்லட்டின் ஆரத்தைக் கையால் அளந்தே தீர வேண்டும்.

கன அளவு இன்னொரு நல்ல சாட்சி. போர் வேலைக்கு முன்னும் பின்னும் `Mass Properties` எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஷோல்டருக்கு அப்பால் உள்ள துளை 60 மி.மீ. என்றால், 72-லிருந்து 80 வரையிலான வளையம் 17 மி.மீ. ஆழத்துக்கு 16,236 கன மி.மீ., ஷோல்டரில் கூடுதலாக வெட்டிய 1 மி.மீ. 2,199. ஆக மொத்தம் 18,435. ஃபில்லட்டால் ஒற்றை இலக்க அளவில் வித்தியாசம் வரலாம். நூற்றுக்கணக்கில் தள்ளி வந்தால் ஷோல்டரோ போரின் ஒரு பாதியோ தவறாகப் போயிருக்கிறது. டேப் துளைகளைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

கடைசியாக, மூல ஸ்டெப் ஃபைலை அதே பார்ட்டில் இன்னொரு பாடியாகச் செருகி, போரின் அச்சும் முகமும் பொருந்த வைத்து, `Combine`-இல் `Subtract` கொடுங்கள். ஒரு முறை பழையதிலிருந்து புதியதைக் கழியுங்கள், ஒரு முறை புதியதிலிருந்து பழையதை. முதலாவதில் போர் வளையமும், பாதம் கீழே போனதால் பழைய பாதம் இருந்த இடத்து இரும்பும், 94 பி.சி.டி.-யில் புதிதாகப் போட்ட துளைகளும் வரும். இரண்டாவதில் இறங்கிய பாதமும், நீண்ட தூணும், மூடிய பழைய துளைகளும் மட்டும் வர வேண்டும். எதிர்பாராத இடத்தில் மெல்லிய ஒரு தோல் துண்டு மிதந்தால், அந்த ஃபேஸை யாரும் கேட்காமலே நீங்கள் நகர்த்தியிருக்கிறீர்கள். பார்த்த பிறகு அந்தச் செருகிய பாடியை நீக்கிவிட்டு, புதிய பெயரில் ஸ்டெப்பாக ஏற்றுமதி செய்து, அதை ஒரு முறை நீங்களே திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.